ஒரே காய்க்கு ரெண்டு காவல் வேலை: செஸ்ஸில் ஓவர்லோட் பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பேருக்கு செஸ் சொல்லித்தருகிறேன். பள்ளிப் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவரும் அப்பா அம்மாக்கள், ஓய்வு பெற்ற இரண்டு மூன்று பேர். ஃபோர்க், பின் எல்லாம் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடுகிறது. இந்த ஓவர்லோட் மட்டும் மாதக்கணக்கில் இழுக்கிறது. திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன்.

காய்களுக்கு நம் வழக்கப் பெயர்கள்தான்: ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய். நகர்வு வரிசைகளை மட்டும் செயலிகளில் இருப்பதுபோல் எழுதியிருக்கிறேன். K ராஜா, Q ராணி, R யானை, B பிஷப், N குதிரை. x என்றால் வெட்டு, + என்றால் செக், # என்றால் மேட், 1-0 என்றால் வெள்ளைக்கு வெற்றி. எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் நகர்வு. போர்டை எடுத்து அடுக்கிக்கொண்டு படித்தால் நல்லது.

ஓவர்லோடுன்னா என்ன சார்? சுருக்கமா சொல்லுங்க.

ஒரு காய் இரண்டு இடங்களுக்குக் காவல் நிற்கிறது. ஒரு இடத்துக்கு ஓடினால் இன்னொரு இடம் திறந்துவிடும். அந்தக் காய்தான் ஓவர்லோட் ஆன காய். ஒரே வாட்ச்மேனை முன் கேட்டுக்கும் பின் கேட்டுக்கும் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் வராதவரை பிரச்சினை இல்லை. முன் கேட்டில் ஒருவன் சத்தம் போட்டால்தான் பின் கேட் காலி என்பது தெரியும்.

இந்த நிலையை அடுக்குங்கள். வெள்ளை: ராஜா g1, ராணி c3, யானை e1, சிப்பாய்கள் f2, g2, h2. கறுப்பு: ராஜா g8, ராணி d8, பிஷப் b7, குதிரை a5, சிப்பாய்கள் f7, g7, h7. ஆட்டம் வெள்ளைக்கு. கறுப்பு ராணி d8-இல் நின்று இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, e8-க்கு யானை வந்து மேட் வைக்காமல் தடுப்பது. இரண்டு, a5 குதிரைக்குக் காவல்.

```
1.Qxa5 Qxa5 2.Re8#
```

வெள்ளை ராணி குதிரையை வெட்டுகிறது. கறுப்பு ராணி திருப்பி வெட்டினால் e8 காலி, மேட். வெட்டாமல் விட்டால் ஒரு குதிரை இலவசம். கீழே பல இடங்களில் இந்த நிலைக்கே திரும்பி வருவேன், போர்டைக் கலைக்க வேண்டாம்.

ராணி எப்பவுமே நாலஞ்சு காய்க்குக் காவல் நிக்குமே, அப்போ எல்லா ராணியும் ஓவர்லோடா?

இல்லை. எத்தனை இடத்துக்குக் காவல் என்பது கணக்கே இல்லை. ஒரு வேலையைச் செய்துமுடித்த பிறகும் இன்னொரு வேலையைச் செய்ய முடிகிறதா என்பதுதான் கணக்கு.

மேலே அடுக்கிய நிலையில் கறுப்புக் குதிரையை a5-இலிருந்து எடுத்து d7-இல் வையுங்கள். வெள்ளை ராணியை d3-க்கு மாற்றுங்கள். இப்போதும் d8 ராணி குதிரையையும் e8-ஐயும் காக்கிறது. ஆனால் வெள்ளை ராணி d7-இல் வெட்டினால், கறுப்பு ராணி திருப்பி வெட்டி d7-இல் போய் நிற்கும். அங்கிருந்தும் e8 அதன் குறுக்குக் கோட்டில்தான் இருக்கிறது. யானை e8-க்கு வந்தால் ராணி வெட்டிவிடும். வெள்ளைக்கு ராணியும் போச்சு, யானையும் போச்சு.

ஆக, காவல் காய் இப்போது எங்கே நிற்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். வெட்டிய பிறகு எந்தக் கட்டத்தில் போய் நிற்கும், அங்கிருந்து என்னென்ன தெரியும் என்று பாருங்கள். என் வகுப்பில் வரும் தவறுகளில் பெரும்பங்கு இந்த ஒரு இடத்தில்தான்.

ரெண்டு காவல்னு கரெக்டா கண்டுபிடிச்சு ராணியால வெட்டினேன். மேட் ஆகல, ராணி போயிடுச்சு. எங்க தப்பு?

பெரும்பாலும் h சிப்பாயில். முதல் நிலையில் h7 சிப்பாயை h6-க்குத் தள்ளி வைத்துவிட்டு அதே வரிசையை ஆடிப் பாருங்கள். ராணி a5-இல் வெட்டுகிறது, கறுப்பு ராணி திருப்பி வெட்டுகிறது, யானை e8-க்கு வந்து செக் சொல்கிறது, ராஜா h7-க்கு நடந்துபோய்விடுகிறது. ஒரு குதிரைக்காக ராணியைக் கொடுத்திருக்கிறீர்கள்.

இங்கே நடந்தது என்ன? h6 வந்ததும் e8-ஐக் காப்பது ராணியின் கட்டாய வேலையாக இல்லாமல் போய்விட்டது. அங்கே யானை வந்தாலும் ஒன்றும் கெடாது. காவலுக்கு ஆள் நிற்கிறான் என்பதாலேயே உள்ளே நகை இருக்கிறது என்று ஆகாது. இரண்டு வேலைகளில் ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, "இந்த வேலையை இந்தக் காய் செய்யாமல் விட்டால் உண்மையில் என்ன நஷ்டம்?" என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் பெரிய நஷ்டம் என்று பதில் வந்தால்தான் ஓவர்லோட்.

நானே ஒரு உள்ளூர்ப் போட்டியில் கடைசி ரவுண்டில் இப்படி ராணியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிரில் இருந்த பையன் மேலும் கீழும் பார்த்தான், வெட்டினான். அவனுடைய h சிப்பாய் பத்து நகர்வுக்கு முன்பே நகர்ந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கண்ணில் படவில்லை.

முதல்ல எதை வெட்டணும்? எதை வெட்டினாலும் ஒண்ணுதானே?

ஒன்றல்ல. முதல் நிலையில் யானையை முதலில் e8-க்குக் கொண்டுபோனால் கறுப்பு ராணி அதை வெட்டும். இப்போது a5 குதிரைக்குக் காவல் இல்லை, உண்மைதான், எடுத்துக்கொள்ளலாம். ஆனால் யானையைக் கொடுத்து குதிரையை வாங்கியிருக்கிறீர்கள். ஓவர்லோட் வேலை செய்தது, வியாபாரம் நஷ்டம்.

காவல் காயை முதல் அடியில் எந்த வேலைக்கு இழுக்கிறீர்களோ அந்த வேலையில் நீங்கள் கொஞ்சம் இழக்கப்போகிறீர்கள். இரண்டாவது அடியில்தான் வசூல். அதனால் பெரிய வசூல் எங்கே இருக்கிறதோ அதைக் கடைசிக்கு வையுங்கள். மேட் ஒரு பக்கம், குதிரை ஒரு பக்கம் என்றால் குதிரைப் பக்கம் முதலில் அடி, மேட் பிறகு. இரண்டு பக்கமும் வெறும் காய்தான் என்றால் இரண்டு வரிசையையும் ஆடிப் பார்த்துக் கூட்டிக் கழிக்க வேண்டியதுதான், குறுக்குவழி கிடையாது.

ஆட்டத்துல இத கண்டுபிடிக்கவே முடியல. பஸில்னா உடனே தெரியுது. என்ன பண்றது?

பஸிலில் ஏதோ இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும். ஆட்டத்தில் யாரும் தோளைத் தட்டிச் சொல்வதில்லை. ஆனால் தேடும் திசையை மாற்றினால் கொஞ்சம் எளிதாகும். "எந்தக் காய் ஓவர்லோட்?" என்று காவல் காயிலிருந்து தொடங்கினால் போர்டு முழுக்கச் சுற்ற வேண்டும். காக்கப்படும் இடத்திலிருந்து தொடங்குங்கள்.

நான் செய்வது இது. என் காய்கள் ஏற்கெனவே கை வைத்திருக்கும் இடங்களை மட்டும் எடுத்துக்கொள்வேன். அவற்றில் எங்கெங்கே ஒரே ஒரு காவல் இருக்கிறதோ அந்தக் காவல் காயின் பெயரை மனதுக்குள் சொல்வேன். முதல் நிலையில்: "a5 குதிரையை ராணி தாக்குகிறது, காவல் யார்? ராணி. e8-க்கு யானை போகலாம், தடுப்பது யார்? ராணி." ஒரே பெயர் இரண்டு தடவை வாயில் வந்தால் அங்கே நின்று யோசிப்பேன். வராவிட்டால் அடுத்த வேலை. பழகிவிட்டால் இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

பட்டியலில் விட்டுப்போவது பெரும்பாலும் வெறும் கட்டங்கள். காய் இருந்தால் கண் தானாகப் போகிறது. E8 போலக் காலியாக இருக்கும் மேட் கட்டம் கண்ணுக்குப் படுவதில்லை. அதனால் எதிராளி ராஜாவைச் சுற்றி "இங்கே நான் போய் நின்றால் மேட், யார் தடுக்கிறார்கள்?" என்ற கேள்வியைத் தனியாகக் கேட்டுவிடுங்கள்.

சிப்பாய், ராஜா எல்லாம் ஓவர்லோட் ஆகுமா?

ஆகும். சிப்பாய்தான் அதிகம் ஆகிறது, நாம்தான் கவனிப்பதில்லை. f7 சிப்பாய் e6, g6 இரண்டையும் காக்கும். குறுக்கே ஒரு தடவை வெட்டிவிட்டால் திரும்பி வரவும் முடியாது. கறுப்புக்கு ராஜா g8, பிஷப் e6, சிப்பாய்கள் f7, g6, h6 என்று வையுங்கள். வெள்ளைக்கு யானை e1, ராணி g3. யானை e6 பிஷப்பை வெட்டினால், f7 சிப்பாய் திருப்பி வெட்டும், வெள்ளை ராணி g6-இல் செக்கோடு நுழைந்து அடுத்து h6-ஐயும் எடுக்கும். யானைக்குப் பதில் ஒரு பிஷப், இரண்டு சிப்பாய்கள், அம்மணமாக நிற்கும் ராஜா. ஆனால் கறுப்பு ராணி d7-இலோ e7-இலோ இருந்தால் செக்குக்கு g7-க்கு வந்து தடுத்துவிடும். ராணிகள் மாறினால் வெள்ளைக்கு நஷ்டம்தான். வெட்டும் முன் அதைப் பாருங்கள்.

ராஜா g8-இல் நின்று f7, h7 இரண்டையும் தனியாகக் காப்பதும் அடிக்கடி வரும். f7-இல் வெட்டினால் h7 கை எட்டாது. ராஜாவுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு: நம் காய்க்குப் பின்னால் காவல் இருந்தால் ராஜாவால் வெட்டவே முடியாது. அதனால் ராஜா ஒருவர் மட்டும் காக்கும் காயைக் காவல் இல்லாத காய் என்றே பாதி எண்ணிக்கொள்ளலாம்.

இதுதானே டிஃப்ளெக்‌ஷன்? ரெண்டும் ஒண்ணா வேறயா?

ஓவர்லோட் என்பது நிலைமை, டிஃப்ளெக்‌ஷன் என்பது செயல். ராணி இரண்டு வேலை பார்ப்பது நிலைமை. குதிரையை வெட்டி அதை இழுத்துவிடுவது செயல். ஒரே ஒரு வேலை பார்க்கும் காயையும் இழுத்துவிடலாம், அப்போது டிஃப்ளெக்‌ஷன் மட்டும்தான். Lichess தளத்தில் பயிற்சி எடுக்க வேண்டுமென்றால் Deflection என்ற தலைப்பில் தேடுங்கள், இந்த வகை அதற்குள் வந்துவிடும். பெயரில் சண்டை போட வேண்டாம்.

ரெண்டு காய் தாக்குது, ரெண்டு காய் காக்குது. கணக்கு சரியாதானே இருக்கு? அப்புறம் எப்படி உடையும்?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் ஒரே ஆட்டத்தைத்தான் போடுவேன். நியூ ஆர்லியன்ஸ், 1920. எட்வின் ஆடம்ஸ் வெள்ளை, அவரிடம் படித்த கார்லோஸ் டோரே கறுப்பு. இது உண்மையில் ஆடப்பட்டதா, டோரே தன் குருவுக்காக அமைத்துக் கொடுத்ததா என்று செஸ் வரலாறு எழுதுபவர்களிடையே சந்தேகம் உண்டு. நமக்குப் பாடம்தான் வேண்டும்.

பதினெட்டாவது நகர்வுக்கு முன் நிலை இது. வெள்ளை: ராஜா g1, ராணி d4, யானைகள் e1, e2, குதிரை f3, சிப்பாய்கள் a2, b2, d5, f2, g2, h2. கறுப்பு: ராஜா g8, ராணி d7, யானைகள் c8, e8, பிஷப் f6, சிப்பாய்கள் a5, b7, d6, f7, g7, h7. e8 யானை மீது வெள்ளையின் இரண்டு யானைகளும் கை வைத்திருக்கின்றன. காவலுக்கு d7 ராணி, c8 யானை. தாக்குவது இரண்டு, காப்பது இரண்டு. கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கு சரியாக இருக்கிறதே தவிர, மிச்சம் இல்லை. இரண்டு காவல் காய்களும் அங்கேயே கட்டுண்டு கிடக்கின்றன. ஒன்று அந்தக் காவலை விட்டு விலகினாலும் கடைசி வரிசையில் மேட். அப்படியானால் அந்த இரண்டும் வேறு எதையும் வெட்ட முடியாது, வெள்ளை ராணியைக்கூட!

```
18.Qg4 Qb5 19.Qc4 Qd7 20.Qc7 Qb5
21.a4 Qxa4 22.Re4 Qb5 23.Qxb7 1-0
```

ஒவ்வொரு நகர்விலும் வெள்ளை ராணி வெட்டுக் கொடுக்கிறது. g4-இல் கறுப்பு ராணி வெட்டினால் e8-இல் யானை வெட்டு, c8 யானை திருப்பி வெட்டு, இரண்டாவது யானை வெட்டி மேட். c4-இல் ராணி, யானை இரண்டாலும் வெட்டலாம்; எதால் வெட்டினாலும் மிச்சம் இருக்கும் ஒரு காவல் போதாது. c7-இல் இன்னும் துணிச்சல், இரண்டு காவல்காரர்களுக்கும் நடுவில் போய் நிற்கிறது. கறுப்பு ராணி செய்யக்கூடியதெல்லாம் a4-இலிருந்து e8 வரை போகும் குறுக்குக் கோட்டிலேயே முன்னும் பின்னும் ஓடுவதுதான்.

கடைசியில் அந்தக் கோட்டில் கட்டம் தீர்ந்துபோகிறது. b7-இல் வெள்ளை ராணி வந்த பிறகு ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். a4-க்குப் போனால் e4 யானை வெட்டும். b5-இலேயே இருந்தால் ராணி வெட்டும். c6-இல் d5 சிப்பாய் வெட்டும். d7-இல் மறுபடி ராணி வெட்டும். கோட்டை விட்டு வெளியே போனால் மேட். டோரே அங்கேயே விட்டுவிட்டார்.

ஆக, தாக்குவது எத்தனை, காப்பது எத்தனை என்று எண்ணும்போது இரண்டு எண்ணும் சமமாக வந்தால் நிம்மதி அடைய வேண்டாம். சமம் என்றால் காக்கும் ஒவ்வொரு காய்க்கும் அங்கே முழு நேர வேலை என்று பொருள். அவற்றில் ஒன்றுக்கு வேறு எங்காவது இன்னொரு வேலை இருந்தால், ஒரே காயை நீங்கள் இரண்டு இடத்தில் எண்ணியிருக்கிறீர்கள்.

அதே ஆட்டத்துல 21-ல நேரா b7-ஐ வெட்டியிருக்கலாமே? எதுக்கு a4, Re4 எல்லாம்?

நல்ல கேள்வி. ஒரு ஏழாம் வகுப்புப் பெண் கேட்டாள், அதுவரை நான் யாருக்கும் இதைச் சரியாக விளக்கியதில்லை. ஓவர்லோட் ஆன காய் நீங்கள் நீட்டியதைத்தான் வெட்ட வேண்டும் என்று சட்டம் இல்லை. அது வேறொன்றை வெட்டலாம்.

```
21.Qxb7 Qxe2 22.Rxe2 Rc1+ 23.Ne1 Rcxe1+ 24.Rxe1 Rxe1#
```

கறுப்பு ராணி e2 யானையை வெட்டிவிடுகிறது. வெள்ளை திருப்பி வெட்டினால் மேட் ஆவது வெள்ளைதான், ஏனென்றால் வெள்ளை ராஜாவுக்கும் மூச்சுவிட வழியில்லை. F2, g2, h2 மூன்றும் அசையாமல் நிற்கின்றன. வெட்டாவிட்டாலும் வெள்ளைக்கு நஷ்டம்தான்.

இப்போது ராணியை c7-இலேயே வைத்துவிட்டு 21.a4 ஆடும்போது அதே Qxe2 ஏன் பலிக்கவில்லை? வெள்ளை 22.Rxe2 என்று வெட்டுகிறது. c8 யானை c1-க்கு இறங்க வேண்டுமென்றால் வழியில் c7-இல் வெள்ளை ராணி நிற்கிறது. ராணியை வெட்டினால் e8-இல் மேட். e8 யானை e2-இல் வெட்டினால் வெள்ளை ராணி c8 யானையைச் செக்கோடு வெட்டி அடுத்து மேட். ராணி b7-க்குப் போனால் c வரிசை திறந்துவிடுகிறது, அதுதான் வித்தியாசம். a4 கறுப்பு ராணியைக் கோட்டின் ஓரத்துக்குத் தள்ளுகிறது, Re4 அந்த e2 வெட்டுக்கே இடமில்லாமல் செய்கிறது. அதன் பிறகுதான் b7.

உங்கள் ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: அடிக்கும் முன், அந்தக் காவல் காய் செக் சொல்லிக்கொண்டோ பெரிய காய் ஒன்றை வெட்டிக்கொண்டோ விலக முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் முதலில் அந்த வழியை அடைத்துவிடுங்கள்.

என் காய் ஓவர்லோட் ஆயிடுச்சுன்னு எனக்கே தெரியுது. எதிராளிக்கு இன்னும் தெரியல. என்ன பண்ணலாம்?

இரண்டு வேலையில் ஒன்றை ஒழியுங்கள். முதல் நிலையில் ஆட்டம் கறுப்புக்கு என்று வையுங்கள். h6 ஆடினால் e8 வேலை ஒழிந்தது. மூன்றாவது கேள்வியில் பார்த்தது அதுதான். குதிரையை c6-க்குக் கொண்டுவந்தால் b7 பிஷப் அதைக் காத்துக்கொள்ளும், ராணிக்கு ஒரு வேலைதான் மிச்சம்.

இரண்டில் எது? ராஜாவுக்கு வழி விடும் நகர்வைத்தான் நான் பெரும்பாலும் எடுப்பேன். குதிரை எத்தனை தடவை வேண்டுமானாலும் இடம் மாறும், கடைசி வரிசைப் பயம் ஆட்டம் முழுக்க ராணியைக் கட்டிப்போடும். ஆனால் எதிராளியின் பிஷப் h7-ஐப் பார்த்துக்கொண்டிருந்தால் h6 வழி திறக்காது, ராஜா அங்கே போக முடியாது. அப்போது g சிப்பாயை நகர்த்தலாமா, குதிரையை எடுக்கலாமா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது வழி, இரண்டாவது காவல் காயைக் கொண்டுவருவது. செய்யலாம், ஆனால் அதுவும் அங்கே கட்டுண்டுவிடும். டோரேயின் c8 யானை அப்படிக் கட்டுண்டதுதான்.

எதிராளிக்கு ஓவர்லோடே இல்ல. நாமளா உண்டாக்க முடியுமா?

முடியும். ஒரு வேலையில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருக்கும் காயைக் கண்டுபிடித்து, அதன் தலையில் இரண்டாவது வேலையைக் கட்டிவிடுங்கள். மாஸ்கோ, 1914: ஒசிப் பெர்ன்ஸ்டைன் வெள்ளை, கப்பாபிளாங்கா கறுப்பு. வெள்ளை c3-இல் இருந்த கறுப்புச் சிப்பாயை வெட்டியது, அங்கே காய்கள் மாறின. கடைசியில் நின்ற நிலை: வெள்ளை ராஜா g1, ராணி e2, யானை c3, சிப்பாய்கள் a2, e3, f2, g2, h2. கறுப்பு ராஜா g8, ராணி b6, யானை d8, சிப்பாய்கள் a7, f7, g7, h7. ஆட்டம் கறுப்புக்கு. வெள்ளை ஒரு சிப்பாய் கூடுதல்.

இங்கே e2 ராணிக்கு ஒரு வேலை உண்டு: d1-க்கு யானை வந்து மேட் வைக்காமல் பார்ப்பது. ஒரு வேலைதான், தாங்கும். கையில் கிடைக்கும் செக்குகள் பலிக்கவில்லை. Qb1+ சொன்னால் ராணி f1-இல் தடுக்கும். அதன் பிறகு ஆசைப்பட்டு Rd1 ஆடினால் வெள்ளை யானை c8-க்கு வந்து கறுப்புக்குத்தான் மேட். கப்பாபிளாங்கா ஆடியது 29...Qb2. ராணியைக் கொண்டுபோய் வெள்ளை ராணியின் கைக்கு எட்டும் கட்டத்தில் வைத்தார்.

வெட்டினால் Rd1 மேட். வெட்டாவிட்டால், இப்போது வெள்ளை ராணியும் c3 யானையும் சேர்ந்து தாக்கப்படுகின்றன. ராணி e1-க்குப் பின்வாங்கினால் கடைசி வரிசையையும் c3-ஐயும் ஒரே ராணி காக்கிறது. பார்த்தால் எல்லாம் காவலோடு இருப்பதுபோல் தெரியும், ஆனால் நம் முதல் நிலையின் அதே கதைதான்:

```
30.Qe1 Qxc3 31.Qxc3 Rd1+ 32.Qe1 Rxe1#
```

யானையை c2-க்கு நகர்த்தி ராணியால் காத்தால்? 30...Qb1+ வருகிறது. செக்கைத் தடுக்க ராணி f1-க்குப் போக வேண்டும், போனால் c2 யானைக்குக் காவல் இல்லை, கறுப்பு ராணி அதை எடுத்துக்கொள்கிறது. ராணி d3-க்கு வந்து யானையைக் காத்தால், அவசரப்பட்டு அந்த ராணியை யானையால் வெட்டக் கூடாது. வெள்ளை யானை c8-க்கு வந்து மேட் வைத்துவிடும். 30...Qa1+ என்று செக் சொல்ல வேண்டும், ராணி f1-க்குத் திரும்பியாக வேண்டும், c3 யானை போகும். எந்தப் பதிலை எடுத்தாலும் அதே ராணிக்கு இரண்டாவது வேலை வந்து சேர்கிறது. பெர்ன்ஸ்டைன் 29...Qb2-ஐப் பார்த்ததும் ஆட்டத்தை விட்டுவிட்டார்.